"கைகலக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதுமா? மேடைச் சண்டையைப் பீட் பீட்டாக, அசைவு அசைவாக எழுதுவது குறித்து

திண்ணைநாடகம் | 11 பிப்ரவரி 2024, இரவு 9:40

நான் எழுதிய நாற்பது நிமிட நாடகம் ஒன்றை, பார்வையாளர் இல்லாத மேடையில் மூன்று கேமராக்களை வைத்துப் பதிவு செய்யவிருக்கிறோம். பாகப்பிரிவினைப் பத்திரத்தை அண்ணன் மறைத்துவிட்டார் என்று தம்பி கேட்கப்போய், பேச்சு முற்றி அடிதடியாகிறது. அந்த இடத்தில் நான் "அண்ணனும் தம்பியும் கைகலக்கிறார்கள், அண்ணி விலக்குகிறாள்" என்று மட்டும் எழுதியிருந்தேன். இயக்குநர் அந்தப் பக்கத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து, யார் எந்தக் கையால் என்ன செய்கிறார் என்பது தெரியாமல் ஒத்திகைக்கு நாள் குறிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். சண்டையின் ஒவ்வோர் அசைவையும் எழுத்தாளரே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. நேற்று இரவு எழுதிய முதல் வடிவம் இது:

அண்ணன் தம்பியின் கன்னத்தில் அறைகிறார். தம்பி அண்ணனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறான். அண்ணன் டிரங்குப் பெட்டியின் மேல் விழுந்து தரையில் சரிகிறார். தம்பி குனிந்து அவர் கழுத்தை நெரிக்கிறான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். தம்பி தன் கைகளைப் பார்த்தபடி நிற்கிறான்.

இந்த அளவு போதுமா, இன்னும் விரிக்க வேண்டுமா?

வெட்டுமேசை | 11 பிப்ரவரி 2024, இரவு 10:25

போதாது. எடிட்டிங்கில் உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன். "அறைகிறார்" என்ற சொல்லில் மூன்று துண்டுகள் இருக்கின்றன: கை எழுகிறது, கை முகத்தைக் கடக்கிறது, முகம் திரும்புகிறது. நடுத்துண்டில்தான் பொய் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கேமராவை நான் எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது உங்கள் தாளில் இல்லை.

நீள்பார்வை | 12 பிப்ரவரி 2024, காலை 7:15

ஒளிப்பதிவு படித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு இவ்வளவு எழுத வேண்டிய தேவையே இல்லை. நீண்ட லென்ஸ் போட்டால் இரண்டு பேருக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கிவிடும். 85 அல்லது 135 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துவிட்டு, நடிகர்களை இரண்டடி தள்ளி நிற்கவைத்தால் அடி விழுந்தது போலவே தெரியும். வேகம் வேண்டுமென்றால் நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 22 பிரேமில் எடுத்துக்கொள்ளலாம்.

பழையடூப் | 12 பிப்ரவரி 2024, பிற்பகல் 1:50

பன்னிரண்டு ஆண்டுகள் படங்களில் கதாநாயகிகளுக்கு டூப் போட்டேன். இப்போது நாடகக் குழுக்களுக்குச் சண்டை சொல்லிக்கொடுக்கிறேன்.

நீள்பார்வை தம்பி சொன்னது பாதி சரி. தூரம் சுருங்குவது லென்ஸால் அல்ல, கேமரா பின்னால் தள்ளிப் போவதால். லென்ஸ் அந்தத் தொலைவிலிருந்து அருகில் இழுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, அந்தச் சுருக்கம் கேமரா பார்க்கும் திசையில் மட்டுமே நடக்கும். இருவரையும் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் எந்த லென்ஸ் போட்டாலும் கைக்கும் கன்னத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறது என்பது. அண்ணன் வலக்கையால் அறைகிறார் என்று வையுங்கள். தம்பியின் முதுகுக்குப் பின்னால், தோளுக்கு மேல் பார்க்கும் சஜஷன் ஷாட்டில், அந்தக் கை திரையின் இடப்பக்கத்திலிருந்து வந்து தம்பியின் தலைக்கு அப்பால் மறைந்து வலப்பக்கம் வெளியேறும். தம்பி அதே கணத்தில் தலையை வலப்பக்கம் திருப்பினால் பார்ப்பவர் அடி விழுந்ததாகவே நம்புவார். அண்ணனின் பின்னாலிருந்து எடுத்தாலும் இதே கணக்குத்தான். அப்போது கை முகத்துக்கு முன்னால் வலமிருந்து இடமாகக் கடக்கும். இரண்டிலும் இடைவெளி கேமராவின் பார்வைக்கோட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது.

தூரத்தை இப்படி அளப்போம்: அண்ணன் கையை முழுவதும் நீட்டும்போது விரல்நுனி தம்பியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். கால் வைக்கும் இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். கோபமான வசனம் பேசும் எந்த நடிகரும் தம்மையறியாமல் அரை அடி முன்னால் வருவார். நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை அந்த அரை அடியில் நடந்தவை.

இன்னொன்று. அடிப்பவர் கையை ஓங்குவது அடி வாங்குபவருக்கான சைகை. ஓங்கியதும் வாங்குபவர் தயாராகிவிட்டார் என்பது கண்ணில் தெரிந்த பிறகே கை வீசப்பட வேண்டும். எல்லா அசைவிலும் கட்டுப்பாடு அடி வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் தாளில் ஒரு வாக்கியத்தில்கூட அது இல்லை.

திண்ணைநாடகம் | 13 பிப்ரவரி 2024, இரவு 11:05

பழையடூப் அம்மா எழுதியதை மூன்று முறை படித்தேன். என் தாளில் எழுவாய் எல்லாம் அடிப்பவராகவே இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அண்ணன் அறைகிறார், தம்பி தள்ளுகிறான், தம்பி நெரிக்கிறான். கதைக்கு அது பொருந்தும். ஒத்திகைக்கு அது தலைகீழான தாள்.

இப்போது ஒவ்வொரு பீட்டையும் நான்கு பகுதிகளாக எழுதிப் பார்க்கிறேன். பார்ப்பவர் என்ன நம்ப வேண்டும். உண்மையில் யார் என்ன செய்கிறார். யார் கையில் கட்டுப்பாடு. எந்தக் கேமரா பார்க்கலாம், எது பார்க்கக்கூடாது. முதல் பீட் இப்படி வந்திருக்கிறது:

அண்ணன் தம்பியை அறைந்துவிட்டார் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும். அண்ணன் வலக்கையை ஓங்குகிறார். தம்பி அவர் கண்ணைப் பார்த்து மூச்சை இழுக்கிறான். அதன் பிறகு கை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கடக்கிறது. தம்பி தலையை வலப்பக்கம் திருப்புகிறான். தம்பி மூச்சை இழுக்காவிட்டால் அண்ணன் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். தம்பியின் பின்னாலுள்ள முதல் கேமராவும் அண்ணனின் பின்னாலுள்ள மூன்றாம் கேமராவும் பார்க்கலாம்; பக்கவாட்டிலுள்ள நடுக் கேமரா இந்த நேரத்தில் அண்ணியின் முகத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

இதை எழுதும்போது வேறொன்றும் தோன்றியது. அறைவதற்கு முன் அண்ணனுக்கு "பத்திரத்தை நான் திருடினேன் என்று சொல்கிறாயா?" என்று ஒரு வசனம் உண்டு. அதைச் சொல்லும்போது அவர் விரலை நீட்டித் தம்பியின் முகத்தைச் சுட்டும்படி எழுதிவிட்டால், அந்த நீட்டிய விரலே தூரத்தை அளந்து கொடுத்துவிடும். விரல்நுனிக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இல்லையென்று தம்பிக்குத் தெரிந்தால், வெறுப்பில் முகத்தைத் திருப்பியபடியே அரை அடி பின்வாங்க அவனுக்கு வசனத்திலேயே நேரம் இருக்கிறது. பார்ப்பவருக்கு அது கோபமாகத் தெரியும். நடிகர்களுக்கு அது அளவுகோல்.

பழையடூப் | 14 பிப்ரவரி 2024, காலை 6:30

விரல் நீட்டும் யோசனை நன்று. ஒரு திருத்தம்: அளப்பது அடி வாங்குபவரின் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். இருவரின் வேலையும் அதுவே. அண்ணனாக நடிப்பவரும் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்திருந்தால் அவரே பின்வாங்க வேண்டும்.

ஆறாம்பிரிவு | 14 பிப்ரவரி 2024, மாலை 5:20

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டபொம்மன் நாடகம் போடுகிறார்கள். மரவாள் சண்டையில் போன வாரம் ஒரு பையனுக்கு விரல் முட்டியில் அடிபட்டு வீங்கிவிட்டது. பெற்றோர் மூன்று பக்கமும் நின்று செல்பேசியில் படம் எடுப்பார்கள். அவர்களை ஒரே பக்கத்தில் நிற்கவைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு அடிபடாது என்று இங்கே படித்ததிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

பழையடூப் | 14 பிப்ரவரி 2024, இரவு 8:10

டீச்சர், வேண்டாம். பார்ப்பவர் நிற்கும் இடம் பொய்யை மறைக்கும், அடியைத் தடுக்காது. கேமராவின் கோணத்தை ஒருவரும் பாதுகாப்பு என்று எண்ணிவிடக்கூடாது. இந்த இழையில் எல்லோருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். வாள் எதிராளியின் உடலை நோக்கிப் போகக்கூடாது; தோளுக்கு ஒரு சாண் வெளியே உள்ள காற்றை நோக்கிப் போக வேண்டும். தடுப்பவன் தடுக்க மறந்தாலும் வாள் வெறுமையில் போய்விடும். இரண்டாவது, மொத்தம் நான்கு வீச்சுதான், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று இருவரும் வாய்விட்டு எண்ண வேண்டும். மறந்துபோனவன் வாளைத் தாழ்த்திவிட்டு நிற்க வேண்டும், தானாக ஒரு வீச்சைச் சேர்க்கக்கூடாது. முட்டியில் அடிபட்ட பையனுக்கு வீக்கம் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சிலம்பக்கூடம் | 15 பிப்ரவரி 2024, இரவு 9:00

இருபது ஆண்டுகளாகச் சிலம்பம் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சி உள்ளவன் கையைக் கன்னத்தில் பட்டும் படாமலும் நிறுத்துவான். நடிகர்களுக்கு ஆறு மாதம் கைப்போர் சொல்லிக்கொடுத்தால் இந்தக் கேமரா மறைப்பெல்லாம் தேவைப்படாது. லேசாகத் தொட்டால்தான் முகத்தில் உண்மை வரும் என்பது என் கருத்து.

பழையடூப் | 15 பிப்ரவரி 2024, இரவு 10:40

ஐயா, உங்கள் மாணவர்களின் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் களத்தில் நீங்கள் கற்றுக்கொடுப்பது, அடி வருவது எதிராளிக்குத் தெரியாமல் இருப்பது. மேடையில் நாங்கள் கற்றுக்கொடுப்பது அதற்கு நேர்மாறு: அடி வருகிறது என்று எதிராளிக்கும் கடைசி வரிசைக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். என்னிடம் வருபவர்களில் கராத்தே படித்தவர்களுக்குத்தான் இதை மாற்றிக்கொள்ள அதிக நாளாகிறது; ஓங்காமலே அடித்துவிடுகிறார்கள்.

லேசாகத் தொடுவது பற்றி: உள்ளங்கை குவிந்த நிலையில் காதின் மேல் பட்டால் செவிப்பறை கிழியலாம். அதற்குப் பெரிய வேகம் வேண்டியதில்லை. பத்து முறை சரியாகக் கன்னத்தில் பட்ட கை, பதினோராவது முறை தம்பி தலையைச் சற்று முன்னதாகத் திருப்பினால் காதில் படும்.

சிலம்பக்கூடம் | 16 பிப்ரவரி 2024, காலை 8:25

காது பற்றிச் சொன்னது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். தொடாத அடியில் உடல் பொய் சொல்லும் என்ற என் எண்ணம் மாறவில்லை. தோளிலும் இடுப்பிலும் அந்தத் தயக்கம் தெரியும்.

திண்ணைநாடகம் | 18 பிப்ரவரி 2024, இரவு 10:15

முதல் ஒத்திகை முடிந்தது. பழையடூப் அம்மா நேரில் வந்து இரண்டரை மணி நேரம் இருந்தார்கள். அவர்கள் செய்தது எனக்குப் புதிதாக இருந்ததால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வசனமும் இல்லை, கோபமும் இல்லை. நடந்து காட்டுவது மட்டும். பிறகு கால் வேகம், அதன் பிறகு அரை வேகம். கால் வேகம் என்றால் அடிப்பவரும் வாங்குபவரும் ஒரே கால் வேகத்தில் இருக்க வேண்டும். எங்கள் தம்பி மெதுவாக வந்த கைக்கு வேகமாகத் தலையைத் திருப்பினார், உடனே நிறுத்திவிட்டார்கள். மெதுவாகச் செய்யும்போது ஒருவர் மட்டும் வேகம் கூட்டினால் இருவருக்கும் இடையிலுள்ள கணக்கு மனத்தில் பதியாது என்று விளக்கினார்கள். முழு வேகம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றும், பதிவின்போதும் முக்கால் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னது எங்கள் இயக்குநருக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. முக்கால் வேகத்தில் செல்பேசியிலே பதிவு செய்து பார்த்தபோது, பார்ப்பவர் கண்ணுக்கு ஒவ்வோர் அசைவும் புரிகிறது என்பதால் அது வேகமாகவே தோன்றியது.

நிறுத்தும் சொல்லில் ஒரு சிக்கல் வந்தது. யாருக்காவது ஏதாவது ஆனால் "நிறுத்து" என்று கத்துவது என்று வைத்திருந்தோம். அண்ணிக்கு "நிறுத்துங்கள், விடு அவரை" என்று நானே வசனம் எழுதியிருக்கிறேன். நாடகத்தில் ஒலிக்கும் சொல் நிறுத்தும் சொல்லாக இருக்க முடியாது. "கட்" என்று மாற்றினோம். தரையில் கிடக்கும் அண்ணனுக்கு வாய் எழாமல் போகலாம் என்பதால், தம்பியின் கையில் இரண்டு முறை தட்டுவது என்று இன்னொரு சைகையும் வைத்தோம்.

தள்ளும் பீட்டை அவர்கள் மாற்றி அமைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தம்பியின் இரு உள்ளங்கைகளும் முதலில் அண்ணனின் மார்பின் மேற்பகுதியில் வந்து அமர்கின்றன. அமர்ந்த பிறகு தம்பி தள்ளுவதே இல்லை. அண்ணன்தான் தன் கால்களால் பின்னால் போகிறார். இரண்டு எட்டு, பின் இடக்கை டிரங்குப் பெட்டியின் விளிம்பைத் தேடிப் பிடிக்கிறது, பெட்டியின் மேல் உட்காருகிறார், அங்கிருந்து இடுப்பின் பக்கவாட்டுச் சதையில் தரைக்குச் சரிகிறார். கையைப் பின்னால் விறைப்பாக ஊன்றக்கூடாது, மணிக்கட்டு போய்விடும் என்று நான்கு முறையாவது சொல்லியிருப்பார்கள். பெட்டியைக் காலி செய்து, மூடியைக் கட்டி, தகர முனைகளில் ஸ்பாஞ்சு வைத்துத் துணி சுற்றினோம்.

வெட்டுமேசை | 18 பிப்ரவரி 2024, இரவு 11:30

பெட்டியில் உட்காருவது வரை நடுக் கேமராவில் எடுங்கள். அடுத்தது தனியாகப் பெட்டியின் குளோசப்: யாரோ பின்னாலிருந்து அதை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். அதற்கடுத்து அண்ணன் ஏற்கெனவே தரையில் கிடக்கும் ஷாட். அவர் விழுவதை நான் காட்டவே போவதில்லை. விழுந்ததைப் பார்த்தேன் என்று பார்ப்பவர் சொல்லுவார்.

அதற்காக எல்லாவற்றையும் துண்டு துண்டாக எழுதிவிடாதீர்கள். வெட்டு ஒவ்வொன்றும் படப்பிடிப்பு நேரத்தைத் தின்னும். 1960-இல் வந்த சைக்கோ படத்தின் குளியலறைக் கொலை முக்கால் நிமிடம் போல ஓடும். அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. உங்களிடம் இருப்பது ஒரு பகல்.

திண்ணைநாடகம் | 22 பிப்ரவரி 2024, இரவு 9:55

இன்று ஆடையோடும் மைக்கோடும் ஒத்திகை. ஒரு தவறு நடந்தது. அதற்கு என் எழுத்தும் ஒரு காரணம் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நெரிக்கும் பீட் எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்றால், தம்பியின் கைகள் தொண்டையைத் தொடுவதில்லை. உள்ளங்கைகள் இரண்டும் அண்ணனின் காறை எலும்புகளின் மேல் இருக்கும். கட்டைவிரல்கள் உள்ளே மடங்கியிருக்கும். அண்ணன் தம்பியின் மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். தம்பி வெளிப்பக்கம் இழுப்பார். இருவரின் கைகளும் நடுங்கும், முகம் சிவக்கும், தொண்டையில் ஒரு கிராம் எடையும் இருக்காது. அண்ணன் பிடியை விட்டதும் தம்பியின் கை தானாக விலகிவிடும். நான்கு நாள் ஒத்திகையில் இது பிசகவில்லை.

இன்று ஒலிப்பதிவு செய்பவர் அண்ணனின் சட்டைக்குள் காலர் மைக்கைச் சரியாகக் காறை எலும்பின் அருகே மாட்டியிருந்தார். அரை வேகத்தில் செய்தபோது தம்பியின் கை மைக்கில் பட்டுக் கரகரவென்று சத்தம் வந்தது. மைக்கைத் தவிர்க்க அவர் யாரிடமும் சொல்லாமல் கையை ஓர் அங்குலம் மேலே நகர்த்திவிட்டார். எங்களில் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. முதல் கேமராவுக்குத் தம்பியின் முதுகு மறைத்தது. காதொலிப்பானில் கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர்தான் அண்ணனின் மூச்சு மாறிவிட்டது என்று "கட்" சொன்னார். அண்ணனுக்கு மாலை வரை எச்சில் விழுங்கும்போது வலி இருந்தது. இரவு மருத்துவரிடம் அழைத்துச் சென்று பார்த்தோம், காயம் எதுவும் இல்லை.

அண்ணன் ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். அவருடைய இரண்டு கைகளும் தம்பியின் மணிக்கட்டுகளைப் பிடித்திருந்தன. தட்டுவதற்குக் கை இல்லை. நான் எழுதிய தாளில் இரு கைகளும் பிடித்திருக்கின்றன என்ற வாக்கியத்துக்கு மூன்று வரி கீழே இரண்டு முறை தட்டுவார் என்ற வாக்கியம் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை எழுதிய நான் கவனிக்கவில்லை.

பழையடூப் | 22 பிப்ரவரி 2024, இரவு 10:50

நானும் அங்கே இருந்தேன், நானும் கவனிக்கவில்லை. தட்டுவதற்குப் பதிலாகப் பிடியை விடுவதையே சைகையாக்கிவிடுவோம்: அண்ணன் எப்போது விட்டாலும், எண்ணிக்கை முடியாவிட்டாலும், தம்பியின் கை அந்தக் கணமே விலக வேண்டும். மைக்கை நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரிய மேடை நாடகங்களில் அங்கேதான் வைப்பார்கள்.

மைக், வளையல், கண்ணாடி, வேட்டி எது புதிதாக வந்தாலும் மீண்டும் கால் வேகத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்று அரை வேகத்தில் தொடங்க நான் அனுமதித்தேன்.

நீள்பார்வை | 23 பிப்ரவரி 2024, காலை 7:40

என் முதல் குறிப்பில் லென்ஸ் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நேற்று என் அறைத் தோழனை வைத்துப் பார்த்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து சாதாரண லென்ஸிலேயே அடி நம்பும்படி இருக்கிறது. பக்கவாட்டில் 135 போட்டாலும் இல்லை. 22 பிரேம் யோசனை இன்னும் சரிதானே?

வெட்டுமேசை | 23 பிப்ரவரி 2024, காலை 9:05

வசனமில்லாத சண்டைப் படத்துக்குச் சரி. ஏறத்தாழ ஒன்பது சதவீதம் வேகம் கூடும். இங்கே அண்ணி இடையிடையே பேசுகிறாள். மூன்று கேமராவும் ஒரே ஒலியோடு ஓடுகின்றன. ஒன்றை மட்டும் 22-இல் எடுத்தால் அவள் உதடும் குரலும் பிரிந்துவிடும்.

திண்ணைநாடகம் | 3 மார்ச் 2024, இரவு 11:20

பதிவு முடிந்தது. காலை ஒன்பது மணிக்குக் கால் வேகத்தில் ஒருமுறை, அரை வேகத்தில் ஒருமுறை, பிறகு கேமராவோடு மானிட்டர் எனும் இறுதி ஒத்திகை, அதன் பின்னரே டேக். மதிய உணவுக்குப் பிறகு மீண்டும் அதே வரிசை. மொத்தம் ஐந்து டேக். யாருக்கும் அடிபடவில்லை.

தம்பிக்கு வேட்டி கட்டியிருந்தோம். ஒத்திகை முழுவதும் பேண்ட்டில் செய்தவருக்கு, குனியும்போது முன்தலைப்பு காலுக்கடியில் சிக்கியது. மடித்துக் கட்டினால் போதுமென்று தோன்றியது. ஆனால் அண்ணன் முன்னால் தம்பி வேட்டியை மடித்துக் கட்டுவது எங்கள் ஊரில் பெரிய அவமதிப்பு. அதனால் பத்திரம் பற்றிய வசனத்தின்போதே அவன் வேட்டியை மடித்துக் கட்டுவதாகச் சேர்த்தேன். தடுக்கி விழாமல் இருக்கவே சேர்த்தேன். அண்ணன் கை ஓங்குவதற்கு அது காரணமாகவும் அமைந்துவிட்டது. முதல் நாளே எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்குக் கண்ணாடி வளையல்களைக் கழற்றிப் பிளாஸ்டிக் வளையல் போட்டோம். ஓசை குறைந்துவிட்டது. அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வெட்டுமேசை | 9 மார்ச் 2024, மாலை 4:30

அண்ணன் அறையும் இடத்தை வெட்டிப் பார்த்தேன். முதல் கேமராவில் கை தலைக்கு அப்பால் மறையும் பிரேமில் நிறுத்தி, மூன்றாம் கேமராவுக்குத் தாவினால், ஏதோ விழுங்கப்பட்டது போல இருந்தது. கோணம் மாறும்போது கண் புது இடத்தைத் தேட ஓரிரு பிரேம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் அடி நடக்கிறது. மூன்றாம் கேமராவில் மூன்று பிரேம் முன்னாலிருந்து தொடங்கி, கையின் வீச்சைச் சற்றே இரண்டாவது முறை காட்டினேன். இப்போது அடி கனமாக விழுகிறது. திரும்பக் காட்டியது யாருக்கும் தெரியாது.

சத்தத்துக்குத் தம்பி ஒத்திகையில் தன் தொடையில் தட்டிய ஓசையையே வைத்துக்கொண்டேன். சேமிப்பில் இருந்த, கன்னத்தில் அறையும் ஓசைகளைப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் தம்பிக்குள் நடக்கும் அடியாக அவை ஒலிக்கவில்லை.

ஒரே ஓர் இடம் கைகொடுக்கவில்லை. இரண்டாம் டேக்கில் நடுக் கேமரா அண்ணியிடம் திரும்பத் தாமதமாகி, அந்த ஒரு சாண் இடைவெளி பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. நடிப்பு அந்த டேக்கில்தான் மிகச் சிறப்பு. அண்ணியின் முகத்தை நான்காம் டேக்கிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

சிலம்பக்கூடம் | 12 மார்ச் 2024, இரவு 8:45

வெட்டிய காட்சியை இயக்குநர் அனுப்பியிருந்தார். அறை என்னை ஏமாற்றிவிட்டது, உண்மை. தள்ளும் இடத்தில் மட்டும் அண்ணனின் குதிகால் முதலில் நகர்வது தெரிகிறது. தள்ளப்பட்டவனுக்கு நெஞ்சுதான் முதலில் பின்னால் போகும், கால் அதைத் துரத்திக்கொண்டு போகும்.

பழையடூப் | 12 மார்ச் 2024, இரவு 9:30

இது சரியான பார்வை ஐயா. அண்ணன் நெஞ்சை முதலில் உள்வாங்கிவிட்டுக் கால் எடுத்தால் சரியாகிவிடும். ஒத்திகையில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

திண்ணைநாடகம் | 16 மார்ச் 2024, இரவு 10:10

தொடக்கத்தில் சண்டையின் ஒவ்வோர் அசைவையும் எழுத்தாளரே எழுத வேண்டும் என்று வாதாடினேன். இப்போது அதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கை எங்கே அமர வேண்டும், கால் எப்படி எடுக்க வேண்டும் என்பதை நான் எழுதியிருந்தால் தவறாகவே எழுதியிருப்பேன். அது சண்டை அமைப்பவரின் வேலை. விரல் நீட்டும் வசனம், வேட்டி மடிக்கும் இடம், மூச்சை இழுக்க ஒரு நொடி, நிறுத்தும் சொல்லோடு மோதாத அண்ணியின் வசனம் ஆகியவற்றை வேறு யாரும் எழுதித் தர முடியாது. அண்ணியின் "நிறுத்துங்கள்" என்பதைக் கடைசியில் "அவர் உன் அண்ணன்டா" என்று மாற்றிவிட்டேன்.

இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் இதே நாடகத்தை மூன்று பக்கமும் பார்வையாளர் அமரும் கூடத்தில் நேரடியாக நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். அங்கே வெட்டும் இல்லை, திரும்பிக்கொள்ளும் கேமராவும் இல்லை. எங்கே நின்றாலும் ஒரு பக்கத்தாருக்கு அந்த ஒரு சாண் தெரியும். அறையை எடுத்துவிட்டு, ஓங்கிய கை அப்படியே நிற்க, தம்பி பின்வாங்குவதாக மாற்றலாம் என்கிறேன் நான். அறை இல்லாமல் தம்பி தள்ளுவதற்கு நியாயம் இல்லை என்கிறார் இயக்குநர்.

பழையடூப் | 17 மார்ச் 2024, காலை 6:45

மூன்று பக்கக் கூடத்தில் தொடாத அறையை நான் ஒருபோதும் முழுமையாக மறைத்ததில்லை. இடக்கையால் சட்டையைப் பிடித்து உலுக்குவதாக மாற்றினால் உண்மையான தொடுதல் இருக்கும், ஆபத்துக் குறைவு. ஆனால் அது வேறு கோபம். அறை தரும் அவமானம் அதில் வராது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு இரண்டையும் கால் வேகத்தில் செய்து பார்ப்போம். தம்பியை வேட்டியோடு வரச்சொல்லுங்கள்.